குறிஞ்சியும் கொழுந்தும்: மலையைப் பாடியவர்களும் மலையில் பாடியவர்களும்

தமிழ் இலக்கியத்தில் மலைக்கு ஒரு பெயர் உண்டு, ஒரு பூ உண்டு, ஒரு தெய்வம் உண்டு. குறிஞ்சித் திணையைப் பாடமாகப் படித்த எமது பாடசாலை மாணவிகளுக்கு அதில் ஒரு விசேட உரிமையும் உண்டு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படிப்பவர்கள் குறிஞ்சியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். புசல்லாவையில் படித்த எமக்கு வகுப்பறை யன்னலைத் திறந்தாலே போதும். மலையும் மஞ்சும் அருவியும் அங்கேயே இருந்தன. ஆனால் புத்தகத்தில் தினைப்புனம் இருந்த இடத்தில் யன்னலுக்கு வெளியே தேயிலை நின்றது. பரண்மேல் இருந்து கிளி ஓட்டும் தலைவி இருந்த இடத்தில், படங்கு கட்டிக் கூடை சுமந்து எங்கள் அம்மாமாரும் அக்காமாரும் நிரையில் நின்றார்கள்.

இந்த இரண்டு மலைகளையும் பற்றித்தான் இக்கட்டுரை. ஒரே மலையை அழகாகப் பாடிய மரபு ஒன்று உண்டு. அதே மலையை, அதே மஞ்சையும் மழையையும் எடுத்துக்கொண்டு, துயரமாகத் திருப்பிப் பாடிய மரபும் ஒன்று உண்டு. முன்னது எமது பாடப்புத்தகத்தில் இருந்தது. பின்னது எமது லயத்துக் காம்பராக்களில் இருந்தது.

முதலில் குறிஞ்சியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டை எடுத்துக்கொண்டால், தலைவியைத் தினைப்புனம் காக்க அனுப்புகிறார்கள். குருவிகளையும் கிளிகளையும் விரட்டத் தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் அவள் கையில் இருக்கின்றன. அதாவது அவள் செய்வது வேலைதான். ஆனால் அந்த வேலையில் களைப்பு இல்லை, கணக்கு இல்லை, மேற்பார்வை இல்லை. உச்சி வெயிலில் தோழியரோடு அருவியாடவும், 99 வகைப் பூக்களைப் பறித்துப் பாறையில் குவிக்கவும் நேரம் இருக்கிறது. புனங்காவல் என்பது தலைவனைச் சந்திப்பதற்குக் கவிஞன் ஏற்படுத்திக் கொடுத்த வாய்ப்பு. தினை விளைந்து அறுவடை ஆகிவிட்டால் அவளை வீட்டுக்குள் வைத்துவிடுவார்கள். ஆகவே அந்தப் பாட்டுலகில் துயரம் வேலை முடிவதால் வருகிறது, வேலையால் வருவதில்லை. உழைப்பு ஓர் ஓய்வாகத் தோன்றும் இந்த உலகத்தைப் படைத்தவர்கள் புலவர்களே தவிரப் புனங்காத்தவர்கள் அல்லர். அதனால் அந்தப் பாட்டின் அழகு குறைந்துவிடாது. அது யாருடைய கண் என்பதை அறிந்துகொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆங்கிலத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. ஆட்டிடையரின் இன்ப வாழ்க்கையைப் பாடுவது கிரேக்கத்தில் தியோகிரிட்டஸ், உரோமில் வேர்ஜில் காலம் தொட்டு வந்த மரபு. 1770 இல் கோல்ட்ஸ்மித், பாழடைந்து போன ஒரு கிராமத்தைப் பாடும்போது, அது முன்னர் எவ்வளவு இன்பமாக இருந்தது என்று நினைத்து ஏங்கினார். 1783 இல் ஜோர்ஜ் கிராப் 'தி வில்லேஜ்' என்ற கவிதையில் அந்தப் பழைய இன்பத்தையே மறுத்தார். வறண்ட மண்ணும் நோயும் ஏழைகள் விடுதியும்தான் தாம் கண்ட கிராமம் என்று எழுதினார். தமிழிலும் உழவரைப் பாடிய பள்ளு நூல்கள் உண்டு. முக்கூடற் பள்ளில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிறான். ஆனால் அந்தத் தண்டனை நகைச்சுவையாகவே கடந்து போகிறது. கால் தொழுவில் மாட்டியவனின் வலியைப் பாடுவதற்கு அந்த நூலில் இடம் இருக்கவில்லை.

எமது மலைக்கு வருவோம். இங்கே முதலில் வந்தது தேயிலை அல்ல, கோப்பி. ரொத்ஸ்சைல்ட் குடும்பத்தின் உறவினரான மொரிஸ், கேப்ரியல் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841 இல் புசல்லாவையில் ரொத்ஸ்சைல்ட் தோட்டத்தைத் தொடங்கினார்கள். சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து அவர்கள் இங்கே நட்டுப் பார்த்ததும் அக்காலத்தில்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டது அதற்குப் பல ஆண்டுகள் பின்னர், 1867 இல். எமது ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: மெல்போர்ட், நியூ பீகொக், பிளக் பொரஸ்ட், ஸ்டெலன்பேர்க். வந்தவர்கள் தங்கள் ஊரையும் தங்கள் காட்டையும் மயிலையும் இந்த மலைகளில் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். மலையைப் பற்றிய முதல் அழகிய கவிதை இந்தப் பெயர்ப் பலகைகள்தான் என்று எமக்குச் சில வேளைகளில் தோன்றுவதுண்டு.

கோப்பிக் காலத்தில் தமிழிலேயே ஒரு நூல் வந்தது. ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869 இல் வெளியானது. மலையகத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதுபவர்கள் இந்த நூலைத் தொடாமல் போக முடியாது. மு. நித்தியானந்தன் 2014 இல் வெளியிட்ட 'கூலித்தமிழ்' என்ற நூலில் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கும்மி என்பது பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடும் பாட்டு. எமது பாடசாலைத் தமிழ்த் தின விழாக்களில் கும்மி அடிக்காத மாணவி இருக்க மாட்டாள். அந்த மெட்டில் இந்த நூல் பாடுவது கோப்பிப் பயிர்ச்செய்கையை. கிராமத்துப் பெண்களின் மெட்டைத் துரைமாரின் தொழிலுக்கு இரவல் வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம். தோட்டத்தை மேலே நின்று பார்க்கும் கண் அந்த நூலின் கண். பயிர் எப்படிச் செழிக்கிறது என்பதே அதற்குப் பொருள். பயிரைச் செழிக்க வைத்தவர்கள் எப்படிச் செத்தார்கள் என்பது அதற்குப் பொருள் அல்ல.

காலம் செய்த விளையாட்டு என்னவென்றால், கோப்பியைப் புகழ்ந்த கும்மி அச்சேறிய அதே 1869 இல்தான் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறத் தூளாக ஒரு பூஞ்சண நோய் காணப்பட்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் அது கோப்பித் தொழிலையே அழித்துவிட்டது. எமது மலைகள் தேயிலைக்கு மாறின.

கோப்பி நின்ற காலத்தில் அதற்கு உழைத்தவர்களும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பாட்டுகளை யாரும் அச்சிடவில்லை. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் மாவட்டங்களில் இருந்து கங்காணிமாரின் பின்னால் நடந்து, கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மடிந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. கோப்பிப் பழம் ஆண்டின் ஒரு பருவத்தில்தான் பெருமளவில் பழுக்கும். பழம் எடுத்து முடிந்ததும் பலர் திரும்பிப் போவார்கள், மறு ஆண்டு மீண்டும் வருவார்கள். ஆகவே கோப்பிக் காலப் பாட்டுகளில் வழிநடையும் ஊர்ப்பிரிவும் பெரிதாக வருகின்றன. இழந்த ஊர், விட்டுவந்த தாய், வழியில் விட்ட உயிர் என்பவையே அவற்றின் பொருள்.

அவற்றுள் மலையையே பொருளாகக் கொண்ட ஒரு பாட்டு மிகப் பிரபலமானது. எம்மில் பலர் அதைப் பாட்டிமார் வாயில் கேட்டிருப்போம். அது மலையை விளித்து, இந்த மலையில் என்ன வேலை செய்தோம் என்று ஒவ்வொரு அடியாக அடுக்கிக்கொண்டே போகிறது. முடிவில் இதே மலையில்தான் அண்ணனை இழந்தோம் என்று நிற்கிறது. இதன் அமைப்பைக் கவனியுங்கள். மலைவளத்தை அடுக்கிச் சொல்வது குறவஞ்சியின் வழக்கம். எங்கள் மலையில் இன்னது உண்டு, இன்னது உண்டு என்று குறத்தி பெருமையாகப் பாடுவாள். இந்தப் பாட்டும் அடுக்கித்தான் சொல்கிறது. ஆனால் அடுக்கப்படுபவை வளங்கள் அல்ல, வேலைகள். அடுக்கின் கடைசியில் பெருமைக்குப் பதிலாக ஒரு சாவு. பாடியவளுக்குக் குறவஞ்சி தெரிந்திருந்ததா என்று கேட்க வேண்டியதில்லை. மலையை அடுக்கிப் பாடும் வழக்கம் அவள் காதில் இருந்தது, கையில் இருந்த அனுபவம் அதைத் தலைகீழாக்கிவிட்டது.

தேயிலை வந்தபின் பாட்டு மாறியது. அதற்குக் காரணம் செடிதான். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஒரு வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை அதே மலைக்குத் திரும்பி வந்து எடுத்தாக வேண்டும். ஆகவே வந்துபோகும் ஆண்கள் போதவில்லை, குடும்பமாகத் தங்குபவர்கள் தேவைப்பட்டார்கள். கொழுந்தெடுப்பது பெண்களின் வேலையாயிற்று. வழிநடைப் பாட்டு குறைந்து, விடிகாலைப் பெரட்டு முதல் மாலை நிறுவை வரையான ஒரு நாளின் பாட்டு கூடியது. தாலாட்டும் ஒப்பாரியும்கூட அந்த நாளுக்குள் வந்து சேர்ந்தன. பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஏறியவளின் தாலாட்டு ஊரிலிருந்து வந்த தாலாட்டாக இருக்க முடியாது.

பழைய பாட்டு ஒன்று கையில் கிடைத்தால் அது எக்காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என எமது இளைய சகோதரிகள் கேட்கிறார்கள். சொற்களே முதல் சாட்சி. கோப்பிக் கன்று, பழம், கண்டிச் சீமை என்று வந்தால் பெரும்பாலும் முற்பட்டது. கொழுந்து, மட்டக்குச்சி, கவ்வாத்து, மடுவம் என்று வந்தால் தேயிலைக் காலத்தது. ரயிலும் மண்டபம் முகாமும் வந்தால், தலைமன்னார்க் கப்பல் வழி திறந்த 1914 க்குப் பின்னையது என்று கொள்ளலாம். ஆனால் இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வாய்ப்பாட்டு சொல்லை மாற்றிக்கொண்டே வாழும். தமிழ்நாட்டில் நாற்று நடவுக்குப் பாடிய பாட்டில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இங்கே கொழுந்துக்குப் பாடியிருப்பார்கள். கோப்பிப் பாட்டில் கோப்பியை எடுத்துவிட்டுத் தேயிலையை வைத்திருப்பார்கள். இன்னொன்று, எல்லாப் பாட்டும் அழுகை அல்ல. மாமன் மகனைக் கேலி செய்வதும், கங்காணியின் மீசையைப் பழிப்பதும், காதலும் அதில் நிறைய உண்டு. துயரப் பாட்டை மட்டும் தெரிந்தெடுத்து இதுவே மலையகம் என்று காட்டுவதும் ஒருவகையில் மலையை வெறும் அழகாகக் காட்டுவது போன்றதே.

அந்த ஒரு நாளை இங்கே விரித்துச் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் வளரும் எமது பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டுகள் ஏன் இவ்வளவு கணக்குப் பேசுகின்றன என்று விளங்குவதில்லை. ஒரு நாட்சம்பளத்துக்குத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்று பெயர். செக்ரோலில் பெயர் விழுந்தால் சம்பளம். அன்றைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு 16 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மழைநாளில் ஒருத்தி 18 கிலோ கொண்டுபோய் மடுவத்தில் தராசில் வைக்கிறாள். நனைந்த கொழுந்து என்று ஈரத்துக்கு 2 கிலோவும் கூடைக்கு 1 கிலோவும் கழித்தால் அவள் கணக்கில் 15. அளவுக்கு ஒன்று குறைவு. அன்று அவளுக்கு அரைப்பேர்தான் விழும். நாள் முழுவதும் நின்றாலும் பாதிநாள்தான் நின்றதாகக் கணக்கு. தோட்டத்துக்குத் தோட்டம் அளவும் கழிவும் வேறுபடும், ஆனால் முறை இதுதான். இதை அறிந்தவளுக்கு மழை என்பது கார்காலத்து அழகு அல்ல, தராசில் கழிபடும் 2 கிலோ. மஞ்சு என்பது நனைந்த படங்கு, காலில் ஏறும் அட்டை. குறிஞ்சியின் முதற்பொருளும் கருப்பொருளும் அப்படியே இருக்க, உரிப்பொருள் மட்டும் மாறிவிட்டது என்று இலக்கண பாஷையில் சொல்லலாம். பேர் வெட்டுவதைப் பற்றி அத்தனை பாட்டுகள் இருப்பதற்கு இதுவே காரணம். தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984 இல்தான் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாட்டு மலையிலிருந்து மேடைக்கு வந்த கதையில் ஒரு பெண்ணை நாம் மறக்கக் கூடாது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாட்டுப் புத்தகத்தை வெளியிட்டார். அக்காலத்தை நினைத்துப் பாருங்கள். 1939 இல் அரசாங்க வேலையிலிருந்த இந்தியத் தினக்கூலிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1940 சனவரியில் ஹேவாஹெட்டையில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். எழுத்தறியாத கூட்டத்துக்கு நிலைமையை விளக்க மீனாட்சி அம்மாள் சொற்பொழிவோடு நிற்கவில்லை, மேடையில் பாடினார். கோப்பிக் கும்மி அச்சாகி 71 ஆண்டுகள் கழித்து, மக்கள் மெட்டு மக்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அது இலக்கியத் தரத்தில் உயர்ந்ததா என்று விமர்சகர்கள் கேட்கலாம். பெரும்பாலும் பிரசாரப் பாட்டுகள்தான். ஆயினும் பெண்கள் கூட்டத்துக்கு வருவதே அரிதாக இருந்த காலத்தில் ஒரு பெண் மேடையேறிப் பாடி, அதை அச்சிலும் போட்டார் என்பதை ஒரு பெண்கள் பாடசாலையின் மலர் பதிவு செய்யாமல் வேறு யார் பதிவு செய்வது?

அடுத்து வருபவர் சி.வி. வேலுப்பிள்ளை. 1914 இல் வட்டகொடையை அடுத்த மடக்கும்புறத் தோட்டத்தில் பிறந்தவர். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிவு செய்த மக்களையே நாடற்றவர்கள் ஆக்கிற்று. 1954 இல் அவர் ஆங்கிலத்தில் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். தலைப்பைக் கேட்டால் தேயிலை விளம்பரம் போல இருக்கும். சிலோன், டீ, கார்டன் என்ற மூன்று சொற்களும் அன்றைய தேயிலைப் பெட்டிகளில் அச்சாகிய சொற்கள்தாம். உள்ளே போனால் தப்பொலியில் திடுக்கிட்டு விழிக்கும் ஒரு விடியல். அழகிய காலைதான், தேயிலைமேல் ஒளி படுகிறதுதான். ஆனால் அந்த விடியலை எழுப்புவது பறவை அல்ல, வேலைக்கு அழைக்கும் தப்பு. பின்னர் கவிதை, அந்தத் தேயிலையின் கீழே எவர் நினைவுக்கல்லும் இன்றி மண்ணோடு மண்ணாகக் கிடப்பவர்களிடம் போகிறது.

இதில் நாம் வியப்பது, சி.வி. அழகை விலக்கவில்லை என்பதே. கோபக் கவிஞர்கள் பலர் மலையின் அழகைச் சொல்ல அஞ்சுவார்கள், சொன்னால் துயரம் குறைந்துவிடும் என்று. சி.வி. அழகை முழுமையாகச் சொல்லிவிட்டு, அது யாருடைய உடம்பின்மேல் வளர்ந்தது என்று கேட்கிறார். சக்தீ அ. பாலஐயா 1969 இல் அக்கவிதையைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழில் தந்தார். அவரது தமிழில் ஓசை கூடிற்று, மூலத்தின் அடங்கிய குரல் சற்றுக் குறைந்தது என்பது எமது அபிப்பிராயம். ஆனால் எம்மில் அதிகமானோர் சி.வி.யை அறிந்தது அந்தத் தமிழின் மூலமே. இறப்பதற்கு முந்திய ஆண்டு, 1983 இல், அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' வெளியானது. கவிதையில் தாம் எங்கிருந்து பெற்றார் என்பதை அந்தத் தொகுப்பில் காணலாம். தோட்டத் தொழிலாளியாகவே வாழ்ந்த ஒரு கவிஞர் தமக்குக் குறிஞ்சித்தென்னவன் என்று பெயர் சூட்டிக்கொண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். கபிலர் பாடிய திணையின் பெயரையே கொழுந்துக் கூடையின் பக்கம் எடுத்துவந்த பெயர் அது.

எமது பாடசாலைக் காலத்தில் 'மலைநாட்டின் எழில்' என்று கட்டுரைப் போட்டி வைப்பார்கள். பச்சைக் கம்பளம் என்று தொடங்குவது வழக்கம். வீட்டில் பாட்டி பாடியதைக் கட்டுரையில் எழுதலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. தோட்டத்துப் பேச்சை வாசலில் விட்டுவிட்டு வருவதே அன்று படிப்பின் அடையாளமாக இருந்தது. காம்பராவிலிருந்து வந்த பிள்ளை அதை மறைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபட்டாள் என்பது அவளோடு ஒரே வாங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். அந்த மௌனத்தில் போன பாட்டுகள் எத்தனையோ. சி.வி.யின் தொகுப்பில் அகப்படாதவை, புசல்லாவைத் தோட்டங்களுக்கே உரியவை, துரைமாரின் பட்டப்பெயரும் கங்காணிமாரின் கதையும் வந்தவை, இன்னும் சிலருடைய நினைவில் உண்டு.

அவற்றைச் சேகரிக்கும் முயற்சியைச் சங்கத்தின் நூற்றாண்டுக் குழு ஆரம்பித்திருக்கிறது. பாட்டு நினைவிருப்பவர்கள் கண்டியிலோ கோயம்புத்தூரிலோ கனடாவிலோ எங்கிருந்தாலும் எழுதி அனுப்புங்கள். பாடியவர் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வேலை செய்தவர், உங்களுக்கு என்ன உறவு என்பதையும் எழுதுங்கள். சொற்களைத் திருத்த வேண்டாம். தோட்டத்துப் பேச்சு எப்படி ஒலித்ததோ அப்படியே எழுதுங்கள், பாதிதான் நினைவிருந்தால் பாதியையே அனுப்புங்கள். குரலாகப் பதிந்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மெட்டை எழுத்தில் பிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை.